பிரீமியர் கவுண்டவுன் முடிந்தும் சேனல்காரர் வராவிட்டால் அதன் நிலை என்ன ஆகும்?

காங்கேயம்_கும்மி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வள்ளி கும்மிக் குழுவின் அரங்கேற்றத்தை மூன்று கேமராக்களில் படம் பிடித்து, நாற்பது நிமிடக் காணொளியாகத் தொகுத்து வருகிறோம். அதனை ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை மாலை 6:30 மணிக்கு யூடியூபில் பிரீமியராக வெளியிடுவதாகவும், அதே நேரத்தில் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் திரை கட்டிக் காட்டுவதாகவும் முடிவு செய்து, நோட்டீசும் அடித்துவிட்டோம். ஆடிய பெண்களும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாருமாகத் திடலுக்கு நிறையப் பேர் வருவார்கள்.

சேனலை நடத்துபவர் எங்கள் குழு ஆசிரியரின் மருமகன். அவருக்கு அன்று மதியம் கோயம்புத்தூரில் ஒரு திருமணம் இருக்கிறது. அவர் 6:30 மணிக்குப் பேருந்தில் இருப்பாரா, திடலில் இருப்பாரா என்பது உறுதியில்லை. கவுண்டவுன் பூச்சியத்தைத் தொடும்போது அவர் ஏதாவது பொத்தானை அழுத்த வேண்டுமா? அழுத்தாவிட்டால் அந்தப் பக்கத்தில் என்ன தோன்றும்? பிரீமியர் ரத்தாகிவிட்டது என்று காட்டிவிடுமா? ஊரார் முன்னிலையில் திரை வெறுமையாக நிற்கக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெருந்துறை_ஒளிப்படம்

வணக்கம் அம்மா. திருமணங்களையும் கோயில் கும்பாபிஷேகங்களையும் லைவ் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். நேரம் கடந்த பிறகும் நாம் தொடங்காவிட்டால், பார்வையாளர்களின் திரையில் Waiting for என்ற சொற்களும், அவற்றை அடுத்துச் சேனலின் பெயரும் தோன்றும். அதற்கு மேல் எதுவும் நிகழாது. நாம் எப்போது அனுப்பத் தொடங்குகிறோமோ அப்போது படம் வரும். முகூர்த்தம் தள்ளிப்போன வீடுகளில் மக்கள் அரை மணி நேரம்கூட அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். ரத்து என்ற செய்தி வராது என்பதால் அஞ்ச வேண்டாம். ஆனால் உங்கள் மருமகப்பிள்ளை வந்து தொடங்கினால்தான் படம் ஓடும் என்பதால், அவருடைய கடவுச்சொல்லைத் திடலில் இருக்கும் ஒருவருக்குக் கொடுத்து வையுங்கள்.

நொய்யல்_கரை

பெருந்துறை அண்ணன் சொன்னது, நேரம் குறித்து வைக்கும் நேரலைக்கு முழுவதும் பொருந்தும். காங்கேயம் அம்மா கேட்பது பிரீமியரைப் பற்றி. பார்ப்பவருக்கு இரண்டு பக்கங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் குறித்த நேரம் இருக்கும், Notify me பொத்தான் இருக்கும், பக்கவாட்டில் சாட் ஓடும். ஆனால் பின்னால் நடக்கும் வேலை முற்றிலும் வேறு.

நேரலையில் படம் சேனல்காரரின் கணினியிலிருந்தோ அலைபேசியிலிருந்தோ வந்தாக வேண்டும். அவர் அனுப்பாதவரை யூடியூபிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பிரீமியரிலோ முழுக் காணொளியும் முன்கூட்டியே அப்லோட் ஆகி, யூடியூபின் கணினிகளில் கிடக்கிறது. 2018-இல் இந்த வசதி வந்ததிலிருந்தே இதுதான் முறை. கோப்பை ஏற்றாமல் பிரீமியர் பக்கத்தை உருவாக்கவே முடியாது. ஆகவே குறித்த நேரம் வந்ததும் அந்தக் கணினிகளே ஓட்டத்தைத் தொடங்கிவிடும். உங்கள் மருமகப்பிள்ளை திருமணப் பந்தியில் இருந்தாலும், பேருந்தில் உறங்கிக்கொண்டிருந்தாலும் அது நிற்காது. எவரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை, கடவுச்சொல்லையும் எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

அவர் இல்லாததால் குறைவது ஒன்றுதான். சாட்டில் வரும் வாழ்த்துகளுக்குப் பதில் சொல்லவும், வேண்டாத பேச்சை நீக்கவும் சேனலின் பெயரில் ஆள் இருக்கமாட்டார். அதற்கு இப்போதே ஒருவரைச் சாட் மாடரேட்டராக நியமித்துவிடலாம்.

காங்கேயம்_கும்மி

மிக்க நன்றி ஐயா, பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் மீதிப் பாதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொகுப்பு வேலை இன்னும் முடியவில்லை. தொகுப்பவர் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கோப்பைத் தருவதாகச் சொல்கிறார். 4K தரத்தில்தான் தருவேன் என்றும் சொல்கிறார். மூன்று மணிக்குக் கோப்பு கிடைத்தால் 6:30 மணிக்குப் பிரீமியர் வைக்க முடியுமா?

நொய்யல்_கரை

உண்மையில் உங்கள் நிகழ்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடியது இதுதான். பிரீமியரில் மனிதர் தாமதமாக வருவதால் ஒன்றும் கெடாது. கோப்பு தாமதமாக வந்தால் எல்லாம் கெடும்.

கணக்கைப் பாருங்கள். 4K காணொளிக்கு நொடிக்கு 45 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், நாற்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 13.5 ஜிபி வரும். உங்கள் ஊர் இணைப்பில் அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், அதை ஏற்றுவதற்கே மூன்று மணி நேரம் பிடிக்கும். அதாவது தடங்கல் ஒன்றும் இல்லாமல் நடந்தாலே மாலை ஆறு மணி ஆகிவிடும். பலருடைய இணைப்பில் இறக்கும் வேகம் நூறு என்று சொல்லப்பட்டாலும் ஏற்றும் வேகம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால், முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். ஏற்றி முடிந்த பிறகு யூடியூப் அந்தக் கோப்பைப் பல தரங்களில் மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் குறைந்த தெளிவில் ஒன்று தயாராகும், பிறகு எச்டி, கடைசியில்தான் 4K. பெரிய திரையில் அந்த முதல் தரத்தைக் காட்டினால் ஆடுபவர்களின் முகமே தெரியாது. பாடல் இருப்பதால் காப்புரிமைச் சோதனையும் நடக்கும். அதில் ஏதேனும் கோரிக்கை வந்தால் அதைப் பார்த்து முடிவெடுக்க நேரம் வேண்டும்.

அதே காணொளியை 1080p தரத்தில், நொடிக்கு 8 மெகாபிட்டாக எடுத்துக்கொண்டால் 2.4 ஜிபிதான், அரை மணி நேரத்தில் ஏறிவிடும். திடலில் இருக்கும் புரொஜெக்டரும் பெரும்பாலும் 1080p-க்கு மேல் காட்டாது. என் யோசனை, சனிக்கிழமை இரவுக்குள் 1080p கோப்பு ஏறியிருக்க வேண்டும் என்று தொகுப்பவரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பவானி_தறி

இதில் எங்கள் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் குடும்பம் ஜமுக்காளம் நெய்யும் குடும்பம். குழித்தறியில் அமர்ந்து பாவு பிணைப்பது முதல் கரை போடுவது வரை ஒரு காணொளி எடுத்துப் பிரீமியர் வைத்தோம். தொடங்குவதற்குச் சற்று முன்பு என் மகள் முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தபோது, நடுவே மூன்று நிமிடத்துக்குத் தறியின் ஓசை மட்டும் இருந்தது, என் மாமனார் பேசிய விளக்கம் இல்லை. தொகுத்துக் கொடுத்தவர் அந்தத் தடத்தை அணைத்து வைத்துவிட்டார்.

சரியான கோப்பை அதே பக்கத்தில் மாற்றி வைக்கலாம் என்று நினைத்தோம், முடியவில்லை. ஏற்றிய கோப்பின் இடத்தில் வேறு கோப்பை வைக்கும் வழியே இல்லையாம். நேரத்தைத் தள்ளிவைக்கலாம், தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றலாம், ஆனால் காணொளியை மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஏற்ற வேண்டும். புதிதாக ஏற்றினால் லிங்க் மாறிவிடும். பழைய லிங்கில் Notify me அழுத்தியவர்கள் அதோடு போய்விடுவார்கள். ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய லிங்க்கும் பயனற்றுப் போகும். ஆகவே, முழுவதையும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே லிங்கை வெளியில் கொடுங்கள் அம்மா.

அமராவதி_தென்னை

என் மகன் துபாயில் இருக்கிறான். ஒரு பிரீமியரை நான் 6:30 என்று பார்த்தேன், அவன் 5:00 என்று பார்த்தான். இருவருக்கும் ஒரே லிங்க்தான். நேரத்தைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்று அந்தச் சேனலுக்கு நான் கடிதமே எழுதினேன். சேனல்காரர் தாமதமாக வருவதால்தான் இப்படி இருவேறு நேரம் காட்டுகிறதா?

நொய்யல்_கரை

இல்லை ஐயா, அதற்கும் தாமதத்துக்கும் தொடர்பில்லை. நேரம் உள்ளே உலகப் பொது நேரத்தில்தான் பதிவாகும். நம் மாலை 6:30 என்பது அந்தப் பொது நேரத்தில் பகல் 1:00 மணி என்று இருக்கும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு நேரமாக அது திரையில் மாறித் தெரியும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே 5:00 என்று காட்டியது சரியே. இருவரும் ஒரே கணத்தில்தான் பார்த்திருப்பீர்கள்.

காங்கேயம் அம்மா கேட்ட நிலை பற்றிய கேள்விக்கு வருகிறேன், அதுதான் இந்த இழையின் மையம். கோவையில் நடக்கும் இசை, கூத்து நிகழ்ச்சிகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் சிறு தளம் ஒன்றை நடத்துகிறேன். அதற்காக, காணொளிகளின் விவரங்களை மற்றவர்களின் நிரல்களுக்குத் தரும் யூடியூபின் தரவு இடைமுகத்தை அன்றாடம் பார்க்கிறேன். ஒரு காணொளிக்கு அங்கே நிலையைச் சொல்லும் சொற்கள் மூன்றே மூன்று: `upcoming`, `live`, `none`. தாமதம் என்றோ, ரத்து என்றோ ஒரு நிலையே கிடையாது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு உங்கள் காணொளியைக் கேட்டால் இப்படி வரும்:

```
"liveBroadcastContent": "upcoming"
"scheduledStartTime": "2025-01-12T13:00:00Z"
```

தொடங்கிய பிறகு முதல் வரி `live` என்று மாறும், `actualStartTime` என்று ஒரு புதிய வரி சேரும். முடிந்ததும் முதல் வரி `none` ஆகும், `actualEndTime` சேரும். இதில் கவனிக்க வேண்டியது, குறித்த நேரம் கடந்துவிட்டது என்பதற்காக `scheduledStartTime` தானாக மாறாது என்பதே. சேனல்காரர் யூடியூப் ஸ்டுடியோவில் போய் மாற்றினால்தான் மாறும். ஆகவே குறித்த நேரம் கடந்திருந்து, நிலை இன்னும் `upcoming` என்றே நின்று, `actualStartTime` வரியும் இல்லையென்றால், அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, தாமதம் என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நேரலைகளில் இது அடிக்கடி நிகழும். அறிவித்துவிட்டு மறந்துபோன நேரலைகள் நாள்கணக்கில் `upcoming` என்றே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிரீமியரில் அரிது. குறித்த நேரம் வந்தும் ஓட்டம் தொடங்காத அந்த இடைவெளியில் பார்வையாளர் காண்பது Premiere will begin shortly என்ற வரிதான். Waiting for என்பது அங்கே வராது, ஏனென்றால் எவருக்காகவும் அது காத்திருக்கவில்லை.

பெருந்துறை_ஒளிப்படம்

நான் சொன்னது நேரலைக்கு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவர் ஒரு லிங்கைப் பிரீமியர் என்றோ நேரலை என்றோ எப்படிப் பிரித்தறிவது? என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இரண்டையும் பிரீமியர் என்றே சொல்கிறார்கள். இந்த அம்மாவின் மருமகப்பிள்ளையும் உண்மையில் நேரலையை அமைத்து வைத்துவிட்டு, அதைப் பிரீமியர் என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அப்போது நான் முதலில் சொன்னதுதானே நடக்கும்?

நொய்யல்_கரை

மிக நல்ல கேள்வி அண்ணா. இதைக் காங்கேயம் அம்மா அவசியம் சரிபார்க்க வேண்டும். திரையிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. பிரீமியர் பக்கத்தில் நேரத்துக்கு முன்னால் Premieres என்ற சொல் வரும், முடிந்த பிறகு Premiered என்று நிற்கும். நேரலையில் Scheduled for என்றும், பிறகு Streamed live என்றும் வரும்.

தரவில் இன்னும் தெளிவாகத் தெரியும். வரப்போகும் நேரலைக்கு நீளம் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாததால், `duration` என்ற இடத்தில் `P0D` என்று வெறுமையாக இருக்கும். பிரீமியருக்குக் கோப்பு ஏற்கெனவே அங்கே இருப்பதால் அதன் உண்மையான நீளம் வந்துவிடும், உங்கள் காணொளிக்கு `PT40M` என்பதுபோல. என் தளத்தில் இந்த ஒரு வரியை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறேன். நீளம் வெறுமையாக இருந்தால் 'கலைஞர் வந்ததும் தொடங்கும்' என்று எழுதுவேன், நீளம் இருந்தால் 'குறித்த நேரத்தில் தொடங்கும்' என்று எழுதுவேன். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தை எழுதினால் வாசகர் ஏமாறுவார்.

கோபி_வாத்தியார்

பயனுள்ள உரையாடல். எனக்கு ஓர் ஐயம். குறித்த நேரத்தில் தொடங்கும் என்கிறீர்கள். நான் பார்த்த பிரீமியர்களில் குறித்த நேரம் வந்ததும் படம் ஓடவில்லை. வேறொரு கவுண்டவுன் இசையோடு ஓடி, அது முடிந்த பிறகே படம் வந்தது. ஆகவே 6:30 என்றால் எதற்கு 6:30? அந்தக் கவுண்டவுனுக்கா, படத்துக்கா?

நொய்யல்_கரை

இரண்டு எண்ணிக்கைகள் இருக்கின்றன வாத்தியார் ஐயா, பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. முதலாவது, காத்திருப்புப் பக்கத்தில் இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று எழுத்தில் காட்டுவது. அது குறித்த நேரத்தை நோக்கி இறங்குகிறது. அதைக் காணொளியின் பகுதி என்று கருத வேண்டாம், அது பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டாவது, வண்ணமும் இசையும் சேர்ந்து முழுத்திரையில் ஓடுவது. அதற்கு இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் நீளம் இரண்டு நிமிடம், சேனல்காரர் விரும்பினால் வடிவத்தையும் நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

நான் கவனித்த பிரீமியர்களில், முதல் எண்ணிக்கை முடிந்த இடத்தில்தான் இரண்டாவது தொடங்கியது. அப்படியானால் 6:30 என்று குறித்தால் கும்மியின் முதல் காட்சி 6:32 மணிக்குத்தான் வரும். இதை அறியாத பார்வையாளர் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் சேனல்காரர் தாமதம் என்று சொல்லிவிடுகிறார். திடலில் சரியாக 6:30 மணிக்கு ஆட்டம் தெரிய வேண்டுமென்றால் நேரத்தை 6:28 என்று குறியுங்கள். பட்டியலில் கால் மணிக்கு ஒரு நேரம்தான் தெரியும், ஆனாலும் அந்தக் கட்டத்தில் நிமிடத்தைத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

கோபி_வாத்தியார்

அப்படியானால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் நிலை `upcoming`-ஆ, `live`-ஆ? படம் தொடங்கும்வரை வரப்போகிறது என்றே இருப்பதுதானே முறை?

நொய்யல்_கரை

அந்த இரண்டு நிமிடமும் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கும் ஒளிபரப்பின் பகுதி என்பதால் `live` என்று இருப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தரவைக் கேட்கும் என் தளத்தைப் போன்றவற்றுக்கு, நிலை மாறியதும் உடனே தெரிந்துவிடும் என்ற நிச்சயம் இல்லை. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பி நிரல் எழுதுவதில்லை. `actualStartTime` வந்துவிட்டதா என்பதையே பார்க்கிறேன். கேட்பதில் சிக்கனமும் வேண்டும். ஒரு நாளுக்கு இயல்பாகக் கிடைப்பது 10,000 அலகுகள், ஒருமுறை கேட்டால் ஓர் அலகு கழியும். ஐம்பது காணொளிகளை ஒரே கேள்வியில் கேட்டுவிடலாம் என்பதால் இது போதும்.

பவானி_தறி

நேரத்தைத் தள்ளிவைப்பதைப் பற்றி எவரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. அந்த ஒலித்தடச் சிக்கலின்போது, புதிய கோப்பு ஏறும்வரை பழையது தொடங்கிவிடாதிருக்க, முதலில் அதன் நேரத்தை மறுநாளுக்கு மாற்றினோம். ஸ்டுடியோவில் அந்தக் காணொளியைத் திறந்து, Visibility பகுதியில் தேதியையும் நேரத்தையும் மாற்றிச் சேமித்தால் போதும். பக்கம் அப்படியே இருந்தது, லிங்க் மாறவில்லை, அதுவரை சாட்டில் எழுதியவையும் அங்கேயே இருந்தன. காத்திருப்பு எண்ணிக்கை மட்டும் புதிய நேரத்தை நோக்கி மாறிவிட்டது. கோப்பில் குறை இல்லாமல் நேரம் மட்டும் போதாத நிலை என்றால், தள்ளிவைப்பதே நல்ல வழி. ஆனால் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

எனக்கு விளங்காதது ஒன்று. Notify me அழுத்தியிருந்தவர்களுக்கு நேரம் மாறியது பற்றித் தனியாகச் செய்தி போனதா என்று கேட்டுப் பார்த்தேன். வந்தது என்று சிலரும், வரவில்லை என்று சிலரும் சொன்னார்கள். அவர்களுடைய அலைபேசி அமைப்பில் வேறுபாடு இருந்திருக்கலாம்.

கோபி_வாத்தியார்

என் பேரனிடமும் கேட்டேன். பொத்தானை அழுத்தியவர்களுக்குத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பு ஒரு அறிவிப்பும், தொடங்கும்போது ஒன்றும் வரும் என்றான். அரை மணி அறிவிப்பு போன பிறகு நேரத்தை மாற்றினால், புதிய நேரத்துக்கு மறுபடியும் அது வருமா என்பதற்கு அவனிடமும் விடை இல்லை. இதை உறுதியாக அறிந்தவர் இருந்தால் எழுதுங்கள்.

காங்கேயம்_கும்மி

மருமகனிடம் பேசினேன். அவர் அமைத்திருப்பது பிரீமியர்தான், Set as Premiere என்ற கட்டத்தைத் தேர்ந்திருக்கிறார் என்று படமெடுத்து அனுப்பினார். ஆனால் அதில் அவர் ஏற்றி வைத்திருப்பது இரண்டு நிமிட முன்னோட்டக் காணொளியை. முழுக் காணொளி வந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தாராம். பவானி அம்மா எழுதியதைப் படித்துக் காட்டியதும் திகைத்துவிட்டார். நல்லவேளை, லிங்கை எங்கள் குழுவுக்குள் மட்டுமே பகிர்ந்திருந்தோம், நோட்டீசில் சேனலின் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நீக்கிவிடச் சொல்லிவிட்டேன். தொகுப்பவர் சனிக்கிழமை மாலைக்குள் 1080p கோப்பைத் தர ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு கேட்கிறேன். பிள்ளைகள் ஆடுவதால் குழந்தைகளுக்கான காணொளி என்று குறிக்க வேண்டுமா? மேலும், திடலில் மின்சாரம் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தால், நாங்கள் பத்து நிமிடத்தை இழந்துவிடுவோமா?

நொய்யல்_கரை

பிள்ளைகள் ஆடுவதால் மட்டும் அப்படிக் குறிக்க வேண்டும் என்பதில்லை, யாருக்காக எடுக்கப்பட்டது என்பதே அளவுகோல். பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து ஆடும் கும்மியை எல்லாரும் பார்ப்பதற்காகத்தானே எடுத்தீர்கள். குழந்தைகளுக்கானது என்று குறித்தால் சாட் மூடப்பட்டுவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மின்சாரம் போனால் கவலை இல்லை. பிரீமியரில் முன்னோக்கித் தாண்ட முடியாது, ஆனால் பின்னோக்கி இழுக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். 6:40 மணிக்கு மறுபடி திறந்தால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் திறக்கும். கீழே இருக்கும் கோட்டைத் தொடக்கத்துக்கு இழுத்தால் முதல் பாட்டிலிருந்து பார்க்கலாம். உலகம் முழுவதும் பார்ப்பவர்களைவிடப் பத்து நிமிடம் பின்னால் இருப்பீர்கள், சாட்டில் அவர்கள் முடிவைப் பற்றிப் பேசுவார்கள், அவ்வளவே வேறுபாடு. பிரீமியர் முடிந்த பிறகு அதே லிங்கில் அது வழக்கமான காணொளியாக இருக்கும், அந்த இரண்டு நிமிடக் கவுண்டவுன் அதில் இருக்காது.

பெருந்துறை_ஒளிப்படம்

மின்சாரம் மட்டுமல்ல அம்மா, திடலில் கூட்டம் சேர்ந்ததும் அலைபேசி இணையமும் திணறும், எல்லாரும் ஒரே நேரத்தில் அதே காணொளியைத் தங்கள் அலைபேசியிலும் திறந்து பார்ப்பார்கள். எனவே அதே கோப்பை ஒரு பென்டிரைவிலும் வைத்திருங்கள். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினியில் அதைத் தயாராக வைத்துவிட்டு, யூடியூபில் கவுண்டவுன் முடியும்போது நீங்களும் அதை ஓட்டலாம். பெருஞ்சலங்கையாட்டக் குழு ஒன்றுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

அமராவதி_தென்னை

என் மகன் துபாயிலிருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். 6:28 என்று குறித்தால் அவனுக்கு 4:58 என்று காட்டுமா?

நொய்யல்_கரை

ஆம் ஐயா, 4:58 என்று காட்டும். ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். காங்கேயம் அம்மா, புதிய லிங்க் தயாரானதும் இங்கே இடுங்கள். சனிக்கிழமை இரவே அதன் நீளம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

பவானி_தறி

அறிவிப்பு மறுபடி வருமா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அடுத்த மாதம் ஒரு காணொளி இருக்கிறது, அதில் பிரீமியர் நேரத்தை வேண்டுமென்றே ஒருமுறை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். பொத்தானை அழுத்தி, எந்த நேரத்தில் எந்த அறிவிப்பு வந்தது என்று குறித்துச் சொல்ல ஐந்தாறு பேர் வேண்டும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் கலந்து இருந்தால் நல்லது. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்.

கோபி_வாத்தியார்

என்னையும் பேரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனிடம் ஐபோன், என்னிடம் ஆண்ட்ராய்டு.